சப்டைட்டில் புத்தகம் அல்ல, ஐயா!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பாலிடெக்னிக் பிள்ளைகளுக்காக, ஆங்கிலத்தில் இருக்கும் எலக்ட்ரிக்கல் பாட வீடியோக்களுக்குத் தமிழ் சப்டைட்டில் கோப்பு தயாரித்து வருகிறேன். இரண்டு பக்கமும் அடி விழுகிறது. ஒரு நண்பர், "34 வருஷம் தமிழ் வழியில் அறிவியல் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நீங்கள். வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ் என்று இங்கிலீஷை அப்படியே விட்டுவிட்டு இதைத் தமிழ் சப்டைட்டில் என்று சொல்ல வெட்கமாக இல்லையா?" என்கிறார். இன்னொருவர், "இங்கிலீஷ் சப்டைட்டில் கோப்பில் நேரம் எல்லாம் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழை நிரப்பினால் ஒரே நாளில் முடியும் வேலை. எதற்கு ஒரு வாரம் இழுக்கிறீர்கள்?" என்கிறார்.

இரண்டு பேரும் மறந்துபோன ஒரு ஆள் இருக்கிறான். அவன்தான் மாணவன். அவன் கண் கரும்பலகைக்கும் திரையின் அடிப்பகுதிக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கிறது. காதில் ஆங்கிலம் விழுகிறது. கீழே வரும் வரி மூன்று நான்கு வினாடியில் மறைந்துவிடும். புத்தகமாக இருந்தால் திரும்பப் படிக்கலாம், அடிக்கோடு போடலாம், அருஞ்சொற்பொருள் பார்க்கலாம். சப்டைட்டிலில் அது எதுவும் நடக்காது. இதை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தெவனின் தேற்றம் நடத்தும் எந்த ஆசிரியரும் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்வார். ஆங்கிலக் கோப்பில் அது மூன்று துண்டாக இருக்கும்:

```
141
00:12:04,200 --> 00:12:07,000
Thevenin resistance is the resistance

142
00:12:07,000 --> 00:12:10,400
you see looking into these terminals

143
00:12:10,400 --> 00:12:14,100
with all independent sources turned off.
```

மேலே வரிசை எண், அதன் கீழே வரி தோன்றும் நேரமும் மறையும் நேரமும், அப்புறம் வாசகம், ஒரு வெற்று வரி. எஸ்ஆர்டி கோப்பு என்பது இவ்வளவுதான். விநாடிக்கும் மில்லி விநாடிக்கும் நடுவே வருவது காற்புள்ளி. அங்கே முற்றுப்புள்ளி வைத்தால் சில பிளேயர்கள் ஏற்காது. வெற்று வரியை விட்டுவிட்டால் அடுத்த வரிசை எண்ணும் வாசகத்தோடு சேர்ந்து திரையில் வந்து நிற்கும்.

இப்போது இரண்டாவது நண்பர் சொல்கிறபடி இதைத் தமிழாக்கிப் பார்ப்போம். முழு வாக்கியத்தையும் நல்ல தமிழில் எழுதினால், "எல்லா இண்டிபெண்டன்ட் சோர்ஸையும் ஆஃப் செய்துவிட்டு, இந்த டெர்மினல்கள் வழியே உள்நோக்கிப் பார்க்கும்போது தெரியும் ரெசிஸ்டன்ஸே தெவனின் ரெசிஸ்டன்ஸ்" என்று வரும். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் கவனியுங்கள், ஆங்கிலத்தில் கடைசியாக வந்தது தமிழில் முதலில் வந்து நிற்கிறது. அதை மூன்றாக வெட்டி மூன்று பெட்டியில் போட்டால், ஆசிரியர் தெவனின் ரெசிஸ்டன்ஸ் என்ற பெயரைச் சொல்லும்போது கீழே சோர்ஸை ஆஃப் செய்வது பற்றி வருகிறது. அவர் சோர்ஸ் மேல் கை வைக்கும்போது கீழே தெவனின் ரெசிஸ்டன்ஸ் என்று வருகிறது. பையன் எதை நம்புவான், கையையா, வரியையா?

மாறாக, ஆங்கில வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டு, "தெவனின் ரெசிஸ்டன்ஸ் என்பது அந்த ரெசிஸ்டன்ஸ்", "நீங்கள் டெர்மினல்களுக்குள் பார்க்கும்", "எல்லா சோர்ஸ்களும் ஆஃப் செய்யப்பட்ட நிலையில்" என்று போடுபவர்களும் உண்டு. எழுத்து தமிழ், வாக்கியம் தமிழ் இல்லை. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வரும். அது வரும்வரை வாசிப்பவன் மனம் காத்திருக்கும். மேலே இருக்கிற மூன்று வரியிலும் முற்று எங்கே? தமிழுக்குக் கேடு என்று நண்பர் முதலில் இதைப் பார்த்துத்தான் கோபப்பட்டிருக்க வேண்டும். வோல்டேஜ் என்ற ஒரு சொல்லால் தமிழ் சாகாது. இப்படிப்பட்ட வாக்கியங்களால் நோயில் விழும்.

செய்ய வேண்டியது என்ன? ஒரு நீண்ட வாக்கியத்தை, ஆசிரியரின் கை போகும் வரிசையிலேயே, தனித்தனியாக முடியும் சின்னத் தமிழ் வாக்கியங்களாக உடைக்க வேண்டும்:

```
141
00:12:04,200 --> 00:12:07,000
Thevenin resistance என்பது இதுதான்:

142
00:12:07,000 --> 00:12:10,400
இந்த terminals வழியே உள்ளே
பார்த்தால் தெரியும் resistance.

143
00:12:10,400 --> 00:12:14,100
அப்போது independent sources
எல்லாம் off-இல் இருக்க வேண்டும்.
```

நேரத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. ஒவ்வொரு வரியும் தன்னளவில் முடிகிறது. கை டெர்மினலில் இருக்கும்போது வரியும் டெர்மினலில் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்துக்கு வீடியோவை நாலு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். வீடியோவைத் திறக்காமலே கோப்பை நிரப்புகிறவர்களால் இது முடியாது. ஒரு வாரம் ஏன் ஆகிறது என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இனி முதல் நண்பரின் கோபத்துக்கு வருகிறேன். மின்னழுத்தம், மின்தடை எல்லாம் அருமையான சொற்கள். நான் வாழ்நாள் முழுக்க அவற்றைத்தான் கரும்பலகையில் எழுதினேன். புத்தகம் எழுதினால் இன்றும் அவற்றைத்தான் எழுதுவேன். ஆனால் இங்கே கரும்பலகை என்னுடையது அல்ல. அதில் அந்த ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். பையன் காதில் விழுவதும் அதே சொல். கீழே மட்டும் வேறொரு சொல் வந்தால், மூன்று வினாடிக்குள் இரண்டும் ஒன்றுதான் என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் அடுத்த வரி வந்துவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இண்டிபெண்டன்ட் சோர்ஸ் என்பதைச் "சார்பற்ற மூலம்" என்று ஒரு கோப்பில் பார்த்தேன். "சார்பற்ற மூலங்களை நீக்கிவிட்டு" என்று வரி ஓடுகிறது. தமிழில் மூலம் என்றால் வாயிலாக என்றும் பொருள், ஆசுபத்திரிக்குப் போக வேண்டிய ஒரு நோய்க்கும் அதே பெயர். அதைக்கூட விடுங்கள். "நீக்கிவிட்டு" என்ற சொல்தான் மார்க்கைப் பறிக்கும். கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

12 வோல்ட் சோர்ஸ் ஒன்று. அதோடு தொடராக 6 ஓம். அப்புறம் டெர்மினல்களுக்குக் குறுக்கே 3 ஓம். வோல்டேஜ் சோர்ஸை ஆஃப் செய்வது என்றால் அதன் வோல்டேஜைச் சுழியம் ஆக்குவது. அதாவது சோர்ஸ் இருந்த இடத்தில் ஒரு கம்பியைப் போட்டு ஷார்ட் செய்வது. அப்படிச் செய்தால் 6-ம் 3-ம் பக்க இணைப்பாகிவிடும். விடை 18-ஐ 9-ஆல் வகுக்க, 2 ஓம். "நீக்கிவிட்டு" என்று படித்த பையன் என்ன செய்வான்? சோர்ஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைத் திறந்தே விடுவான். 6 ஓம் வழியே கரண்ட் போக வழியில்லை. அவனுக்கு விடை 3 ஓம். கரண்ட் சோர்ஸாக இருந்திருந்தால் திறந்து விடுவதுதான் சரி, வோல்டேஜ் சோர்ஸுக்கு அது தப்பு. ஆசிரியர் பலகையில் ஆஃப் என்று சொல்லிக்கொண்டே ஷார்ட் போட்டுக் காட்டுகிறார். அழகான தமிழ்ச் சொல் ஒன்று பையன் கண்ணைக் கீழே இழுத்து, வேறு வேலை சொல்லிக்கொடுக்கிறது. ஆஃப் என்றே விட்டிருந்தால் அதன் பொருளைப் பலகையே சொல்லியிருக்கும்.

"சரி, தமிழ் எழுத்திலாவது எழுதக்கூடாதா?" என்று கேட்பீர்கள். இந்தப் பதிவில் அப்படித்தான் எழுதுகிறேன். சப்டைட்டிலில் ஆங்கில எழுத்தையே வைக்கிறேன். டிரான்சிஸ்டரின் `base`, ஏசி கரண்டின் `phase` இரண்டையும் நம்மில் பலர் "பேஸ்" என்றுதான் எழுதுகிறோம். பலகையில் இருக்கும் எழுத்தும் கீழே இருக்கும் எழுத்தும் ஒன்றாக இருந்தால் இந்தக் குழப்பமே வராது. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த பிள்ளைக்கு ஒரு பாலம் மட்டும் போட்டுக் கொடுக்கலாம். சொல் முதல் தடவை வரும் இடத்தில், நேரம் இடம் கொடுத்தால், "resistance, அதாவது மின்தடை" என்று ஒரே ஒரு முறை. அதற்குமேல் வேண்டாம். எந்தச் சொல்லை எப்படி விட்டேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். பத்தாவது பாடத்தில் அது மாறக்கூடாது.

வேலை செய்கிறவர்கள் மென்பொருளின் சிவப்பு நிறத்தைக் கண்டும் பயப்பட வேண்டாம். விநாடிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கிட்டு, கூடினால் சிவப்பு காட்டும் மென்பொருள்கள் உண்டு. புள்ளியையும் கொம்பையும் தனித்தனி எழுத்தாக எண்ணினால் "மின்னழுத்தம்" 12 எழுத்து. நம் கண்ணுக்கு அது 7 எழுத்துதான். ஆகவே அந்தக் கணக்கை வைத்துத் தமிழை வெட்டாதீர்கள். வீடியோவை ஓடவிட்டு வரியை வாய்விட்டுப் படியுங்கள். வரி மறைவதற்குள் உங்கள் வாய் முடித்துவிட்டால், மனதுக்குள் படிக்கும் பையனுக்கும் நேரம் போதும். முடியவில்லை என்றால் வாக்கியத்தைச் சுருக்குங்கள். கலைச்சொல்லில் கை வைக்காதீர்கள்.

கடைசியாக நேரப் பொருத்தம். முதல் வரியையும் கடைசி வரியையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு பிந்தினால், வீடியோவின் முகப்பை யாரோ வெட்டியிருப்பார்கள். மொத்தக் கோப்பையும் அந்த அளவு முன்னே நகர்த்தினால் போதும். முதல் வரி சரியாக இருந்து, போகப்போகப் பிந்தினால் நகர்த்திப் பயனில்லை. இரண்டு முனையையும் பொருத்தி, நடுவில் உள்ள நேரங்களை விகிதப்படி சுருக்க வேண்டும். சேமிக்கும்போது `UTF-8` என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் உழைப்பெல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரியும்.

என்னைத் திட்ட விரும்பும் இரு நண்பர்களுக்கும் ஒரே வேண்டுகோள். ஏதாவது ஒரு தமிழ் சப்டைட்டிலை எடுங்கள். ஒலியை முழுக்க அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். ஆசிரியர் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே வரியும் இருக்கிறதா? பலகையில் எழுதிய சொல்லைக் கீழே கண்டுபிடிக்க முடிகிறதா? ஒவ்வொரு வரியும் தமிழாக முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது தமிழ் சப்டைட்டில், அதில் எத்தனை ஆங்கிலச் சொல் இருந்தாலும் சரி. ஒன்றுக்கு இல்லை என்றாலும், அதில் ஒரு ஆங்கிலச் சொல்கூட இல்லாவிட்டாலும், அந்தப் பையனுக்கு அதனால் பயனில்லை.