எழுத்தின்மேல் எழுத்து

கல்வெட்டுப் படங்களைப் பகிரும் ஆய்வாளர் பலர், களவுக்கு அஞ்சி, படத்தின் நடுவே தம் பெயரை நீர்க்குறியாகப் பொறிக்கின்றனர். அவ்வச்சம் நியாயமானதே, வெயிலில் அலைந்து எடுத்த படம் பெயரின்றிப் பிறர் நூலில் இடம்பெறுவது வலிக்கும். ஆயினும் அந்தக் குறி யாரைத் தடுக்கிறது?

பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்ப்புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நிற்கும். ஒரு கீற்றைக் கொண்டே சொல்லைத் துணிய வேண்டிய இடத்தில், நீர்க்குறியின் கோடு கல்லின் கோடாகவே தோன்றிவிடலாம். பாடத்தைச் சரிபார்க்க வந்தவர் ஏமாறுவார்.

திருடுபவரோ ஏமாறுவதில்லை. ஒரே குறி பல படங்களில் மாறாமல் இருந்தால், அவற்றை ஒப்பிட்டு அக்குறியைக் கணித்து, தானியங்கி முறையிலேயே நீக்கிவிடலாம் என்று 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டினர்.

எனவே எடுத்தவர் பெயரும் ஊரும் நாளும் படத்துக்கு வெளியே, அடியில் சேர்க்கும் வெள்ளைப் பட்டையில் இருக்கட்டும். அப்பட்டையை வெட்டிவிட முடியும் என்பது உண்மையே. ஆனால் முழு அளவிலான மூலக்கோப்பு எடுத்தவரிடம் இருக்கும்வரை, படம் யாருடையது என்று நிறுவ வழியுண்டு. மறைந்துபோன ஒரு கீற்றை மீட்கவோ, படிப்பவருக்கு வழியே இல்லை.