ஒரே இரவில் திருந்தும் காவலர்

நம் தொடர்கதைகளில் வரும் கையூட்டுக் காவலர் பெரும்பாலும் கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில்தான் திருந்துகிறார். தாய் இறக்கிறாள், அல்லது ஓர் ஏழைச் சிறுமி அழுகிறாள், மறுநாளே அவர் உத்தமராகிவிடுகிறார். இதனை மனமாற்றம் என்று போற்றுவோர் உளர். கண்ணீர் சிந்தியவரின் பழங்கணக்கை யார் தீர்ப்பது? அவரிடம் பணம் இழந்தவர்களைக் கதை மறந்துவிடுகிறது. அதுவே இம்முடிவின் பெருங்குற்றம்.

விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட புதினத்தைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழில் தந்தார். அதில் ழான் வால்ழான் ஆயரின் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடுகிறான். ஆயரோ அவனைக் காப்பாற்றி, விளக்குத் தண்டுகளையும் கொடுத்தனுப்புகிறார். சிறு எழுத்தாளராயின் அங்கேயே திருத்திவிடுவார். ஹியூகோ அவ்வாறு செய்யவில்லை. வால்ழான் அதன்பின்னும் ஒரு சிறுவனின் நாணயத்தைக் காலடியில் மறைத்துக்கொள்கிறான், பிறகே அழுகிறான். பல்லாண்டுகளுக்குப் பின், தன் பெயரால் வேறொருவன் தண்டிக்கப்படவிருக்கையில், உண்மை கூறப் புறப்படுகிறான். வழியில் வண்டிச் சக்கரம் பழுதாகிறது. செல்ல முடியாது என்றறிந்து அவன் உள்ளம் மகிழ்கிறது! திருந்தும் மனிதனின் உண்மையான முகம் அதுவே.

இதனை நம் ஜார்ஜ்டவுனுக்குப் பொருத்திப் பார்க்கலாம். சாலையோர வியாபாரியிடம் வாரந்தோறும் பணம் பெறும் காவலர் ஒருவர். அவர் அதனைக் கையூட்டு என்பதில்லை. ‘காப்பிக் காசு’ என்கிறார். முதலில் மாற வேண்டியது அந்தச் சொல். சில அத்தியாயங்கள் கழித்து, ஏதோ கூச்சத்தால் ஒரு வாரம் வாங்க மறுக்கிறார். வியாபாரி மகிழ்வதில்லை, ‘தொகையை உயர்த்தப் போகிறார்’ என்று அஞ்சுகிறார். பங்கு பெற்று வந்த சக காவலர்களோ ஐயுறுகின்றனர். பின்பு வீட்டுக் கடன் நெருக்கவே, அவர் மீண்டும் கைநீட்டுகிறார். இந்தச் சறுக்கலை எழுத அஞ்சுபவர் திருத்தத்தையும் எழுத இயலாது.

இறுதியில் உண்மை கூற முன்வரினும் சிக்கல் தீராது. மலேசியாவின் 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி, கொடுப்பதும் குற்றம், பெறுவதும் குற்றம். காவலரின் வாக்குமூலம் வியாபாரியையும் வழக்கில் இழுக்கக்கூடும். தம் மனச்சுமையை இறக்க, முன்பு தாம் வருத்தியவரையே மீண்டும் வருத்தலாமா? ஆகவே அவர் முதலில் செல்ல வேண்டிய இடம் ஆணையமன்று, அந்தக் கடை. அங்கே அவர் மன்னிக்கப்பட வேண்டும் என்பதில்லை. வியாபாரி முகம் திருப்பிக்கொள்ளலாம்.

மாணவர் இத்தகைய கதையைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு படியிலும் காவலர் எதை இழந்தார் என்று கேட்கட்டும். பணம், நண்பர், பதவி, தம்மைப் பற்றித் தாமே கொண்டிருந்த நல்லெண்ணம் ஆகியவற்றுள் ஒன்றையும் இழக்காமல் திருந்தினார் எனில், திருந்தியவர் காவலர் அல்லர். அவரைக் கொண்டு கதையை முடித்துக்கொண்டவர் ஆசிரியரே.