இரட்டைப் பூட்டு என்னும் மயக்கம்

"பெயர்ப்பட்டியலை முதலில் மறைகுறியாக்கம் செய்யுங்கள், பிறகு அதை ஒரு புகைப்படத்துக்குள் ஒளித்துவிடுங்கள், இரட்டைப் பூட்டு!" கள ஆய்வுக்குப் புறப்படும் மாணவர்களுக்கு இத்தகைய அறிவுரை தாராளமாகவே வழங்கப்படுகிறது. பட்டியல் பிறர் கையில் சிக்கினால் துன்புறப்போகிறவர் அறிவுரை சொன்னவர் அல்லர். நம்பிக்கையோடு பெயரையும் ஊரையும் சொன்ன தகவலாளர். எனவே இந்த உவமையைச் சோதிக்காமல் விடுவதற்கில்லை.

மறைகுறியாக்கம் செய்தியின் பொருளை மறைக்கிறது. செய்தி இருப்பதை அது மறைப்பதில்லை. ஸ்டெகனோகிராஃபி எனப்படும் கரந்தெழுத்து, செய்தி ஒன்று இருப்பதையே மறைக்க முயல்கிறது. 1983இல் கஸ்டவஸ் சிம்மன்ஸ் இந்த வேறுபாட்டை ஒரு சிறைக்கதையாக அமைத்தார். இரு கைதிகள் கடிதம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு கடிதமும் காவலர் கண்ணில் பட்டே செல்லும். புரியாத குறியீட்டைக் கண்டால் அவர் கடிதப் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார். அந்தக் குறியீட்டை உடைக்க வேண்டிய தேவைகூட அவருக்கு இல்லை. இந்தியாவில் இது வெறுங்கதையும் அன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, குறியாக்கத்தை நீக்கித் தருமாறு ஆணையிடப்பட்டும் உதவ மறுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். கண்ணுக்குத் தெரியும் பூட்டுக்குத்தான் சாவி கேட்கப்படும்.

அப்படியானால் ஒளிப்பது மேல் அன்றோ என்று கேட்கலாம். பரவலாக அறியப்பட்ட முறையையே எடுத்துக்கொள்வோம். 512 × 512 அளவுள்ள கருப்பு வெள்ளைப் படத்தில் 2,62,144 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றின் ஒளியளவும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். அந்த எண்ணின் கடைசி பிட்டில் செய்தியின் ஒரு பிட்டை வைத்தால், 32 கிலோபைட் செய்தி உள்ளே அடங்கிவிடும். கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது.

ஆனால் காவலர் கண்ணால் பார்ப்பதில்லை, எண்ணிப் பார்க்கிறார். கடைசி பிட்டை மாற்றினால் 100 என்பது 101 ஆகலாம். 101 என்பது 100 ஆகலாம். இரண்டும் அந்த இணையை விட்டு 99க்கோ 102க்கோ போக வழியில்லை. ஒரு படத்தில் 100 என்னும் அளவு 620 முறையும் 101 என்பது 480 முறையும் வருவதாகக் கொள்வோம். மறைகுறியாக்கம் செய்த செய்தியில் 0வும் 1உம் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். நல்ல குறியாக்கத்தின் இலக்கணமே அது. படம் முழுவதும் அதை நிரப்பினால், இணையின் மொத்தம் 1,100 மாறாது. இரண்டும் 550ஐ ஒட்டி வந்து நிற்கும். இவ்வாறு 128 இணைகளும் ஒருசேரச் சமன்படுவது இயல்பான படத்தில் நிகழ்வதில்லை. வெஸ்ட்ஃபெல்டும் ஃபிட்ஸ்மனும் 1999இல் இந்தத் தடயத்தைக் கைவர்க்கச் சோதனையால் பிடித்துக் காட்டினர். உள்ளே இருப்பதில் ஒரு சொல்லையும் அவர்கள் படிக்க வேண்டியிருக்கவில்லை.

இரட்டைப் பூட்டு உவமை இங்கேதான் உடைகிறது. முதல் பூட்டின் குறையற்ற சீர்மையே இரண்டாம் பூட்டைக் காட்டிக்கொடுக்கிறது. இயற்கையான படம் ஒழுங்கற்றது. மொழியைப் போலவே அதற்கும் தனக்கேயுரிய சாய்வுகள் உண்டு. கரந்தெழுத்தின் வலிமை அந்தச் சாய்வுகளைக் கலைக்காமல் இருப்பதில்தான் உள்ளது. திறவுகோலின் நீளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

செய்தியைச் சுருக்கி, புள்ளிகளில் சிறு பங்கை மட்டும் தொட்டு, சிதறலாக வைத்தால் 1999ஆம் ஆண்டுச் சோதனை ஏமாறும் என்பது உண்மையே. பின்னர் வந்த சோதனைகள் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. மேலும், ஐயத்துக்கு இடமின்றி ஒளிக்கக்கூடிய அளவு படத்தின் அளவுக்கு நேர் விகிதத்தில் வளர்வதன்று. படம் நான்கு மடங்கானால் அது இரண்டு மடங்கே ஆகும். மாணவரோ ஏற்கெனவே சமூக ஊடகத்தில் பதிவிட்ட படத்தையே உறையாக எடுத்துக்கொள்கிறார். மூலமும் நகலும் அருகருகே கிடைத்துவிட்டால் எந்தச் சோதனையும் தேவையில்லை. வழியில் ஒரு செயலி படத்தை மறுபடி சுருக்கிவிட்டாலோ, கடைசி பிட்டுகளோடு பட்டியலும் போய்விடும்.

தமிழ்ச் சித்திரகவியின் கரந்துறைச் செய்யுளை இதற்கு முன்னோடி என்று சொல்லும் வழக்கமும் உண்டு. அங்கே பாட்டுக்குள் வேறொரு பாட்டு இருப்பது பெயரிலேயே பறைசாற்றப்படுகிறது; புலவர் வேண்டியது கண்டுபிடிக்கப்படுவதைத்தான்.

ஒளிக்கும் செய்தியைக் குறியாக்கம் செய்வது தவறு என்பதன்று வாதம். உறை கிழிந்தபின் பொருளையேனும் காக்க அது வேண்டும்; ஆனால் உறை கிழியாமல் இருக்க அது உதவாது. தகவலாளர் பட்டியலைப் பொறுத்தவரை உறைக்கே வேலையில்லை. நாற்பது பேரிடம் உரையாடல் பதிவு செய்ததாக ஆய்வேட்டின் இரண்டாம் இயலிலேயே அச்சிட்டுவிடுபவர், பட்டியல் இருப்பதை எந்தக் காவலரிடமிருந்து ஒளிக்கப்போகிறார்? அவருக்கு வேண்டியது பொருளை மறைக்கும் நல்ல குறியாக்கம். அதனினும் முன்னதாக, பதிவு முடிந்த அன்றே பெயரை நீக்கி எண்ணிட்டுவிடும் பழக்கம்.