படிக்காத நூல்களும் பட்டியலில் ஏறும்போது

இறுதியாண்டு ஆய்வேடுகளைத் திருத்தும் பணியில் நான் பல வருடங்களாக ஈடுபட்டு வருகிறேன். ஆய்வேடு கைக்கு வந்ததும் முதலில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பீர்கள் என்று மாணவிகள் கேட்பதுண்டு. முன்னுரையை என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நான் முதலில் திருப்புவது கடைசிப் பக்கங்களை, அதாவது உசாத்துணைப் பட்டியலை. எனக்குத் தெரிந்த பரீட்சகர்களில் அநேகர் இப்படித்தான் செய்கிறார்கள். ஒருவர் எதை வாசித்தார் என்பதை அறிந்துகொண்டால், அவர் எழுதியதை வாசிப்பது இலகுவாகிறது.

ஆனால் அந்தப் பட்டியல் இப்போதெல்லாம் வாசித்தவற்றைச் சொல்வதில்லை. வாசிக்காத நூல்களின் பெயர்களால் அது நிரப்பப்படுகிறது. "நாற்பது நூல் இருந்தால் கனமாகத் தெரியும்" என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். இதைக் கெட்டித்தனம் என்று நினைக்கும் மாணவிகளுக்காகவும், இதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பெற்றோருக்காகவும், ஓர் ஆய்வேட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எழுதியவர் யாரென்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

தலைப்பு, கொழும்புச் சோனகரின் பூர்வீகமும் திருமண வழக்காறுகளும். பட்டியலில் 41 நூல்கள். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வசனம்: இலங்கைச் சோனகர் அரபு வணிகரின் வழித்தோன்றல்கள். அதற்கு ஆதாரமாக அடைப்புக்குறிக்குள் "இராமநாதன் 1888, அஸீஸ் 1907" என்று இருந்தது. பென்சில் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரை சொல்வது இதற்கு நேர்மாறானது. சோனகர் பேசும் மொழி, அவர்களது வழக்கங்கள், உடற்தோற்றம் ஆகியவற்றை எடுத்துக்காட்டி, இனத்தால் அவர்கள் தமிழரே என்று நிறுவ முயன்றார் அவர். அப்போது அவர் சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனியான ஆசனம் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்த காலம் அது. அடுத்த வருடமே, 1889இல், எம். சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இராமநாதனின் கட்டுரையை மறுத்து ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய நூல் 1907இல் வெளிவந்தது. நூலின் பெயரே இராமநாதனின் கட்டுரை மீதான விமர்சனம் என்றுதான் இருக்கிறது. முகப்பை மட்டும் பார்த்தவருக்குக்கூட இது தெரிந்திருக்கும். ஒருவரை ஒருவர் மறுத்து எழுதிய இருவரை ஒரே அடைப்புக்குள் தோளோடு தோளாக உட்காரவைத்தவர், இருவரில் ஒருவரையும் திறந்து பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. அஸீஸின் நூல் 1957இல் மறுபதிப்பானது. இன்று அதை வாசித்தவர் பெரும்பாலும் அந்தப் பதிப்பைத்தான் கையில் எடுத்திருப்பார், பட்டியலில் இரண்டு வருடங்களையும் குறித்திருப்பார். இங்கே 1907 மட்டும் தனியாக நின்றது. பக்க எண்ணும் இல்லை.

சந்தேகம் வந்துவிட்டால் பிறகு வேலை பென்சிலுக்குத்தான். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஆய்வேட்டின் உள்ளே தேடி அடையாளமிட்டேன். 41இல் 17 பெயர்கள் உள்ளே எங்கும் வரவேயில்லை. அவற்றில் சில ஒல்லாந்த மொழி நூல்கள். மாணவிக்கு ஒல்லாந்தம் தெரியாது, எனக்கும் தெரியாது. சில நூல்களுக்கு வருடம் பெயருக்கு அடுத்ததாகவும், சிலவற்றுக்கு வரியின் முடிவிலும் இருந்தது. வெவ்வேறு இடங்களிலிருந்து வெட்டி ஒட்டினால் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியுங்கூட ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது, பட்டியலில் இருந்த ஆங்கில நூல்கள் எல்லாம் தொண்ணூறுகளின் தொடக்கத்தோடு நின்றுபோயிருந்தன. அதன் பிறகு யாருமே சோனகரைப் பற்றி எழுதவில்லையா? எழுதினார்கள். அவர் எந்த நூலின் பின்பக்கத்தைப் பிரதிசெய்தாரோ, அந்த நூல் அத்தோடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் மாணவிகளிடம் மட்டும் இருப்பதாக நான் சொல்லவரவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையை ஏறத்தாழ 4,300 பேர் மேற்கோள் காட்டியிருந்தனர். அவற்றில் 196 இடங்களில் தொகுதி எண், பக்க எண் போன்றவை பிழையாக இருந்தன. தற்செயலான பிழைகள் என்றால் ஆளுக்கொரு விதமாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் வெவ்வேறு பிழைகள் 45 மட்டுமே. ஒரே பிழை 78 பேரிடம் அப்படியே இருந்தது. மூலத்தைக் கையில் வைத்து எழுதுபவரும் தவறலாம், ஆனால் 78 பேர் ஒரே இலக்கத்தில் தவறமாட்டார்கள். முன்னவரின் பட்டியலைப் பார்த்துப் பின்னவர் எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தை வாசிக்கிறார் என்பது அவர்களுடைய மதிப்பீடு. அந்த மதிப்பீடு சற்றுக் கூடுதலோ குறைவோ என்று வாதிடலாம். ஆனால், பிரதிசெய்த பிழை கைரேகையைப் போன்றது என்பதில் வாதமில்லை.

சரி, அந்த மாணவிக்கு என்ன நடந்தது? வாய்மொழிப் பரீட்சையில் நான் கடினமாக எதுவும் கேட்கவில்லை. "அஸீஸ் யாருக்குப் பதில் சொல்கிறார், பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன். அவர் மேசையைப் பார்த்தார்.

எனக்கு இன்றும் மனவருத்தம் தருவது அதற்குப் பின் நடந்ததுதான். அந்த ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அருமையானது. மருதானையிலும் புதுக்கடையிலும் பதினொரு மூதாட்டிகளைச் சந்தித்து, அவர்கள் காலத்துத் திருமண வீடுகளைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார். எந்த நூலிலும் கிடைக்காத விடயங்கள். ஆனால் பட்டியலில் பொய் என்று தெரிந்த பிறகு, உடனிருந்த பரீட்சகர் அந்தப் பதினொரு பேரையும் சந்தேகித்தார். இவர்களையும் பட்டியலைப் போலவே நிரப்பினாரோ? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மாணவி மறுநாள் தன் குறிப்புக் கொப்பிகளைக் கொண்டுவந்தார். திகதி, நேரம், வீட்டு விபரம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நேர்காணல்கள் உண்மை. ஆனாலும் இரண்டாம் அத்தியாயத்துக்கும் பட்டியலுக்கும் உரிய புள்ளிகள் போனது போனதுதான். முதற்தரத்தில் வந்திருக்க வேண்டிய ஆய்வேடு அது.

அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. "ஆகக் குறைந்தது முப்பது உசாத்துணை" என்று எண்ணிக்கை விதிப்பவர்கள் நாங்கள்தான். பத்து நூலை வாசிக்க மட்டுமே அவகாசம் உள்ள பிள்ளையிடம் முப்பது கேட்டால் மிச்சம் இருபது எங்கிருந்து வரும்? ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து கட்டித்தரும் சில இடங்களில் பட்டியலையும் சேர்த்தே செய்து தருகிறார்களாம். பணம் கொடுக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். வாய்மொழிப் பரீட்சையில் அந்தக் கடைக்காரர் வந்து உட்காரமாட்டார்.

மூல நூல் கிடைக்காவிட்டால் அதைச் சொல்ல ஒழுங்கான வழி இருக்கிறது. இராமநாதனின் கருத்தை லோனா தேவராஜாவின் நூலில் வாசித்ததாக வைத்துக்கொள்வோம். "இராமநாதன் 1888, எடுத்தாளப்பட்டது: தேவராஜா 1994" என்று எழுதி, வாசித்த பக்கத்தின் எண்ணையும் போடுங்கள். பட்டியலில் தேவராஜா மட்டும் வரட்டும். எந்தப் பரீட்சகரும் இதற்காகப் புள்ளி குறைக்கமாட்டார். கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இராமநாதன் கட்டுரை வாசித்த அந்தச் சங்கம் இன்றும் கொழும்பு 7இல் நூலகத்தோடு இயங்குகிறது. மருதானையிலிருந்து முச்சக்கர வண்டியில் போனால் அதிக நேரம் எடுக்காது. கட்டுரையும் பெரியதல்ல, ஒரு பகல் போதும். அதை வாசித்த கையோடு அஸீஸின் மறுப்பையும் வாசித்தால், அந்த மாணவியின் இரண்டாம் அத்தியாயம் இரண்டு பெயர்களைச் சுமந்த ஒற்றை வசனமாக இருந்திருக்காது. நாங்கள் யார் என்பதைப் பற்றி இருவர் மோதிக்கொண்ட கதையாக இருந்திருக்கும்.