தோற்ற பிள்ளையிடம் முதலில் என்ன சொல்கிறோம்?



மெட்ச் முடிந்த அன்று இரவு எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களைத் திறந்தால் இரண்டே வகையான செய்திகள்தான் இருக்கும். வென்றிருந்தால் பத்துப் பதினைந்து கிண்ணப் படங்களும் "மாஷா அல்லாஹ்"வும். தோற்றிருந்தால் முதலில் ஒரு நீண்ட மௌனம், பிறகு யாராவது ஒருவரின் நாலு நிமிடக் குரல் பதிவு: "அந்த ஒரு கெச்ச பிடிச்சிருந்தா..." கெச்சைத் தவறவிட்ட பிள்ளையும் அதே குழுவில்தான் இருக்கிறான். அவனுடைய வாப்பாவும் இருக்கிறார்.

பாடசாலை அணிகளோடு வருடக்கணக்காகப் பஸ்ஸில் போய் வருகிற ஆசிரியர்கள் நாங்கள். எங்கள் அபிப்பிராயத்தை நேராகச் சொல்லிவிடுகிறோம்: நம் ஊர்களில் வாழ்த்தும் ஆறுதலும் தவறான ஆளுக்கு, தவறான இடத்தில், தவறான நேரத்தில் போய்ச் சேருகின்றன.

ரிவர்ஸ்டன் பக்கத்தில் சொப்ட்போல் விளையாடியவர்களுக்கு அங்குள்ள காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ரத்தொட்டையிலிருந்து இலுக்கும்புர வீதியில் ஏற ஏற, உடுப்பைப் பிடித்து இழுக்கிற காற்று. டென்னிஸ் பந்து பாரமில்லாதது. உயரமாக அடித்த பந்து மேலே ஓரிடத்தில் நின்று யோசிப்பதுபோல் இருக்கும், பிறகு ஐந்தாறு அடி தள்ளி விழும். மூடுபனி இறங்கிவிட்டால் பந்து கண்ணுக்குத் தெரிவதே கடைசி நேரத்தில்தான். அப்படியொரு பந்தைத் துரத்தி ஓடி, விரல் நுனியில் பட்டு நழுவவிட்ட பிள்ளையிடம் நாம் சொல்லக்கூடியவை பல. பெரும்பாலும் நம் வாயில் முதலில் வருவது இரண்டு. ஒன்று "சீ, லேசான கெச்". மற்றது "சும்மா விளையாட்டுத்தானே, இதுக்குப் போய் அழுறதா?"

முதலாவது பொய் என்பது அவனுக்குத் தெரியும், ஓடியவன் அவன்தான். இரண்டாவது அதைவிட மோசம். ஆறு கிழமையாகக் காலை ஆறரைக்குப் பயிற்சிக்கு வந்தவனிடம் இது ஒன்றுமில்லாத விஷயம் என்று சொன்னால், அவன் உங்களை இனி நம்பமாட்டான். அணியில் பக்கத்தில் நின்ற தோழன் சொல்வதைக் கேளுங்கள்: "காத்து இழுத்திச்சு மச்சான், நீ ஓடி வந்தத நான் பார்த்தேன்." சிங்களப் பிள்ளை என்றால் தோளில் கைபோட்டு "கமக் நே மச்சாங்" என்பான். முதல் பேச்சில் நடந்ததற்கான உண்மைக் காரணமும், அவன் முயன்றதற்கு ஒரு சாட்சியும் இருக்கின்றன. "நான் பார்த்தேன்" என்ற அந்தச் சொல்லை நாம் பெரியவர்கள் சொல்வதேயில்லை. ஏனென்றால் நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை, ஸ்கோரை மட்டும் கேட்கிறோம்.

உண்மையைச் சொல்லியே ஆறுதல் சொல்ல முடியும் என்பதற்கு நம் எல்லோருக்கும் ஞாபகமுள்ள ஒரு மெட்ச் இருக்கிறது. 2014 ஏப்ரல் 6, டாக்கா மிர்பூர் மைதானம், டி20 உலகக் கிண்ண இறுதிப் போட்டி. நாம் இந்தியாவை வென்ற நாள். பட்டாசு கொளுத்தியது நமக்கு ஞாபகம். மறுபக்கத்தில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்காது.

இந்தியா 4 விக்கெட்டுக்கு 130. கோலி 58 பந்தில் 77. யுவராஜ் சிங் 21 பந்தில் 11. கடைசி 4 ஓவரில் இந்தியாவுக்குக் கிடைத்தது 19 ஓட்டங்கள்தான். நாம் 13 பந்து மிச்சமிருக்க 6 விக்கெட்டால் வென்றோம். அன்றிரவே யுவராஜின் பெயர் வசைச்சொல்லாகிவிட்டது. சண்டிகரில் அவருடைய வீட்டுக்குக் கல் எறிந்தார்கள். 2007இல் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தவர், 2011 உலகக் கிண்ணத்தின் தொடர் நாயகன், அதற்குப் பிறகு புற்றுநோயோடு போராடி மீண்டு வந்தவர். அவ்வளவும் 21 பந்தில் மறந்துபோனது.

கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். குலசேகரவும் மாலிங்கவும் சேனாநாயக்கவும் கடைசி ஓவர்களில் போட்ட பந்துகளை அடிப்பது யாருக்குமே லேசாக இருக்கவில்லை. அதன் பிறகு வந்த தோனியே 7 பந்தில் 4தான் எடுத்தார். அதாவது யுவராஜ் மெதுவாக ஆடினார் என்பது உண்மை, யுவராஜ் ஒருவரால்தான் தோற்றார்கள் என்பது உண்மையல்ல. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்தான் தோற்றவனுக்கு உதவ முடியும். தோனி அணித்தலைவராக நின்று அது யுவராஜுக்கு ஒரு கெட்ட நாள் என்ற அளவில் பேச்சை நிறுத்தினார். "அவர் நன்றாகத்தான் ஆடினார்" என்று மழுப்பவில்லை.

சில நாட்களுக்குள் சச்சின் டெண்டுல்கர் பேஸ்புக்கில் எழுதினார். ஓய்வுபெற்று ஆறு மாதம்கூட ஆகாத பழைய சக வீரர் அவர். அதிலே இருந்தவை மூன்றே விஷயங்கள். யுவராஜுக்கு அன்று கஷ்டமான நாள்தான் என்று ஒத்துக்கொண்டார். இத்தனை வருடம் அவர் தந்த சந்தோஷத்தை நினைவூட்டினார். இந்த ஒரு நாளை வைத்து அவரைச் சிலுவையில் அறைவதும் ஒதுக்கித் தள்ளுவதும் கூடாது, இவர் போராளி, திரும்பி வருவார் என்றார். அவ்வளவுதான்.

அதைத் தொலைபேசியில் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். கல் பகிரங்கமாக எறியப்பட்டது, ஆகவே பதிலும் பகிரங்கமாக வரவேண்டியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் வைத்திருக்கிற வழக்கமும் இதுதான்: தவறு மைதானத்தோடு நின்றிருந்தால் ஆறுதலைக் காதோடு சொல்லுங்கள், நாலு பேர் முன்னால் கட்டிப்பிடித்து அவன் தவறை மறுபடி அறிவிக்காதீர்கள். குழுவிலே அவமானப்படுத்தப்பட்டிருந்தால் குழுவிலேயே எழுந்து நில்லுங்கள். குழுவில் ஏசியதைப் பார்த்துவிட்டு, தனியாக "கவலப்படாத தம்பி" என்று மெசேஜ் போடுவதை அவன் ஆறுதலாக எடுத்துக்கொள்ளமாட்டான். இவருக்கும் வெளியே சொல்லப் பயம் என்றுதான் விளங்கிக்கொள்வான்.

இது மாத்தளை போன்ற ஊர்களில் சின்ன விஷயமல்ல. நம் அணிகளில் சிங்களப் பிள்ளை, தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை எல்லோரும் இருக்கிறார்கள். வெல்லும்போது எல்லோரும் "நம்ம பொடியன்கள்". தோற்கும்போது எங்கோ ஒரு மூலையிலிருந்து "உங்கட ஆள்தானே விட்டது" என்று ஒரு குரல் வரும். 2021 ஒக்டோபர் 24, துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா 10 விக்கெட்டால் தோற்றபோது முஹம்மத் ஷமிக்கு நடந்தது அதுதான். தோற்றது பதினொரு பேர், ஏச்சு வந்தது அவருடைய மார்க்கத்துக்கு. அடுத்த மெட்ச்சுக்கு முன் பத்திரிகையாளர் சந்திப்பில் கோலி, ஒருவரை அவருடைய மார்க்கத்தை வைத்துத் தாக்குவது மனிதன் செய்யக்கூடிய மிகக் கேவலமான காரியம் என்ற கருத்தில் பேசினார். அதைச் சொன்னவர் இன்னொரு முஸ்லிமாக இல்லாமல் அணித்தலைவராக இருந்ததில்தான் அதன் பலம் இருந்தது. எங்கள் அணியில் தோட்டத்துப் பிள்ளையை யாராவது அப்படிச் சொன்னால் முதலில் வாய் திறக்கவேண்டியவர்கள் நம் பிள்ளைகள். நம் பிள்ளையைச் சொன்னால் அவர்கள் திறப்பார்கள் என்று எதிர்பார்க்க அப்போதுதான் நமக்கு முகம் இருக்கும்.

மார்க்கச் சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "எல்லாம் அல்லாஹ்வுடைய நாட்டம்" என்பது உண்மை. ஆனால் பிள்ளை பேட்டைக்கூட கீழே வைக்காத நேரத்தில் அதைச் சொன்னால், "வாயை மூடு" என்றுதான் அவனுக்குக் கேட்கிறது. நபி (ஸல்) அவர்களுடைய அழ்பா என்ற ஒட்டகத்தின் செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். யாரும் முந்தாத ஒட்டகம் அது. கிராமப்புற அரபி ஒருவர் தன்னுடைய இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பெரிய மனக்கஷ்டமாகிவிட்டது. அந்தக் கஷ்டம் அவர்களுடைய முகத்தில் தெரிந்த பிறகுதான், உலகத்தில் உயர்ந்த எதையும் அல்லாஹ் ஒருநாள் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தில் நபியவர்கள் பேசினார்கள். வென்ற கிராமவாசியைக் குறைத்து ஒரு சொல்லும் அதில் இல்லை. நாம் ஆறுதல் சொல்லும்போது அம்பயரையும் எதிரணியையும் இழுக்காமல் ஒரு வசனமாவது முடிப்போமா?

வெற்றிக்கு வருவோம். வாழ்த்து லேசான வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 2019 பெப்ரவரி 16, டர்பன் டெஸ்ட். தென்னாபிரிக்காவுக்கு எதிராக 304 ஓட்ட இலக்கு, 226இல் ஒன்பதாவது விக்கெட்டும் போய்விட்டது. குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் 153 அடித்து ஒரு விக்கெட்டால் வென்று கொடுத்தார். குசலின் பெயரை இன்றும் தேநீர்க்கடையில் சொல்கிறோம். மறுமுனையில் விஷ்வ பெர்னாண்டோ 27 பந்து நின்றார், எடுத்தது 6. அந்த 27 பந்தில் ஒன்று தவறியிருந்தால் 153ம் ஒரு தோல்விக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். இருவரும் சேர்ந்து எடுத்த 78 ஓட்டமும் அந்த 6இன் மேல்தான் நின்றது.

ஆகவே வென்ற அன்று படம் போடும் நானாமார்களிடம் ஒரு வேண்டுகோள். சதம் அடித்தவனுக்கு வாழ்த்துச் சொல்ல ஊரே இருக்கிறது. மறுமுனையில் நின்றவனை, காற்றுக்கு எதிராக ஓவர் போட்டவனை, பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் தூக்கி ஓடியவனை, அவன் செய்த வேலையின் பெயரைச் சொல்லி வாழ்த்துங்கள். "கங்கிரட்ஸ் டீம்" என்று போடுவதில் யாருக்கும் எதுவும் போய்ச் சேர்வதில்லை. "பதினாறாவது ஓவர்ல நீ குடுத்தது மூணே ஓட்டம்" என்று எழுதிப் பாருங்கள், அந்தப் பிள்ளை அதை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைப்பான். எதிரணியில் தெரிந்த பிள்ளை இருந்தால் போய்க் கைகொடுத்து "ஹொந்தட்ட கெஹுவா" என்று சொல்லச் சொல்லுங்கள், அதுவும் கிண்ணத்தோடு படம் எடுப்பதற்கு முன்னால்.

இப்படித் தடவிக்கொடுத்தால் பிள்ளைகள் மெத்தனமாகிவிடுவார்கள் என்று சில வாப்பாமார் சொல்கிறார்கள். பிழையைத் திருத்தவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கெச் பிடிக்கும்போது கையை எங்கே வைத்தான், காற்றைக் கணக்கெடுத்தானா, "மைன்" என்று சத்தமாகக் கூப்பிட்டானா, எல்லாவற்றையும் பேசத்தான் வேண்டும். அதற்கு அடுத்த பயிற்சி நாள் இருக்கிறது, கையில் பந்து இருக்கிறது, முப்பது தடவை மேலே எறிந்து பிடிக்கச் சொல்லலாம். திரும்பி வரும் பஸ்ஸில் பந்தும் இல்லை, மைதானமும் இல்லை. அங்கே சொல்லும் திருத்தத்தால் ஒரு கெச்சும் கூடுதலாகப் பிடிபடப் போவதில்லை. பஸ்ஸில் அவன் பக்கத்தில் ஒருவன் உட்காரட்டும், அவனுடைய பேக்கை இன்னொருவன் தூக்கட்டும், கடையில் நிறுத்தினால் பிளேன்டீயை அவன் கையில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அவன் பேசினால் கேட்கட்டும். பேசாவிட்டால் ரத்தொட்டை வரும்வரை பேசாமல் வரட்டும்.

அடுத்த வாரம் மறுபடி மெட்ச் இருக்கிறது. குழு அட்மின்களிடம் கேட்பது இவ்வளவுதான்: முடிவு எதுவானாலும் அன்றிரவு ஸ்கோரை மட்டும் போடுங்கள். "ஏன் தோத்தோம்" குரல் பதிவுகளை அடுத்த பயிற்சி முடியும்வரை அனுமதிக்கவேண்டாம். பேசியே ஆகவேண்டும் என்பவர்கள் பயிற்சிக்கு மைதானத்துக்கு வரலாம், கெச் எறிந்து கொடுக்க எங்களுக்கு ஆள் போதாது.