எண்ணெயில் போட்ட பூண்டை வெளியே வைக்காதீர்கள்



ஓசூர் சிப்காட்டில் கணவன், மனைவி இருவரும் ஷிப்டுக்குப் போகும் வீடுகளில், வாரத்துக்கு வேண்டிய பூண்டை ஞாயிற்றுக்கிழமையே உரித்து நறுக்கி, பாட்டிலில் போட்டு, மூழ்கும்வரை எண்ணெய் ஊற்றி மேடையிலேயே வைத்துவிடுகிறார்கள். "எண்ணெய் இருக்கே, கெடாது. நம்ம ஊரும் குளிர்ந்த ஊர்தானே சார்" என்கிறார்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பூண்டு மண்ணில் விளைகிறது. பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் ஸ்போரும் மண்ணில்தான் இருக்கிறது. காற்றுப் பட்டால் அது வளராது. எண்ணெய் ஊற்றும்போது நாமே காற்றை அடைத்துவிடுகிறோம். பூண்டில் ஈரம் உண்டு, புளிப்பு போதாது. அறையின் வெப்பமும் சேர்ந்தால் கிருமி முளைத்து நஞ்சை உண்டாக்கும். ஓசூர்க் குளிர் ஃப்ரிட்ஜின் குளிர் ஆகாது. எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினாலும் ஸ்போர் சாவதில்லை. நாற்றம், நுரை, நிறமாற்றம் எதுவும் இல்லாமலேயே நஞ்சு இருக்கலாம். ஆகவே முகர்ந்தோ ருசித்தோ பார்த்து முடிவு செய்யக் கூடாது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நோய் வந்தது. காரணம், சோயா எண்ணெயில் போட்டு, ஃப்ரிட்ஜில் வைக்காமல் விட்ட நறுக்கிய பூண்டு. சாப்பிட்டவர்கள் வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விட்டதால், பலருக்கு முதலில் வேறு நோய் என்றே சொல்லப்பட்டது. 1989இல் நியூயார்க் மாநிலத்திலும் 3 பேருக்கு இதே வகையில் வந்தது. அதன்பிறகுதான் அமெரிக்க அரசு, எண்ணெய்ப் பூண்டில் அமிலம் போன்ற தடுப்புப் பொருள் சேர்த்தே விற்க வேண்டும் என்றது.

"அப்படியானால் பாட்டி போட்ட பூண்டு ஊறுகாய்?" என்று கேட்பீர்கள். அதைக் காப்பது மேலே மிதக்கும் எண்ணெய் அல்ல. உள்ளே இறங்கிய புளியும் எலுமிச்சையும் உப்பும்தான். புளிப்பு நன்றாக ஏறிய இடத்தில் இந்தக் கிருமி வளராது. புளிப்பைக் குறைத்து எண்ணெயைக் கூட்டினால் அந்தக் காவல் போய்விடும்.

வழி எளிது. முழுப் பூண்டைக் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். எண்ணெயில் போட்டதை உடனே ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசரில் வையுங்கள். நாள்கணக்கில் வெளியே இருந்ததை ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

யாருக்காவது பார்வை இரண்டாகத் தெரிந்து, இமை தொங்கி, பேச்சுக் குழறி, விழுங்க முடியாமல் போனால் காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன சாப்பிட்டார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சுத் தசை தளர்வதற்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். நஞ்சுமுறி மருந்து உண்டு. ஆனால் அது நோய் மேலும் பரவாமல் தடுக்குமே தவிர, ஏற்கனவே தளர்ந்த தசையை உடனே மீட்டுத் தராது.