சொல் தெளிந்தால் தேர்தல் தெளியும்

அகவை பதினெட்டு நிறைந்து முதன்முறை வாக்களிக்கச் செல்லும் இளைஞர்க்கெனத் தேர்தல்தோறும் நாளிதழ்கள் சொல்விளக்கம் வெளியிடுகின்றன. நல்ல பணியே. ஆயின் ஓட்டு, பூத், பர்சன்டேஜ் என்னும் அயற்சொற்களை அடுக்கி, அவற்றைப் பிறிதோர் அயற்சொல்லால் விளக்குவது இருளை இருளால் ஓட்டுவதாகும். தமிழ்ச்சொல்லின் வேரைக் காட்டின் பொருள் தானே புலப்படும்.

தொகுதி என்பதை நோக்குக. தொகுக்கப்பெற்றது தொகுதி. ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தற்கென ஒன்றாகத் தொகுக்கப்பெற்ற ஊர்களும் அவற்றின் வாக்காளருமே அது. எந்த அவைக்குத் தேர்தல் என்பதற்கேற்பத் தொகுப்பும் வேறுபடும். குமரி மாவட்டத்தில் இவ்வுண்மை அறியாதார் இடர்ப்படுவர். கன்னியாகுமரி என்னும் ஒரே பெயர் மாவட்டத்திற்கும், மக்களவைத் தொகுதிக்கும், ஆறு சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்றற்கும் வழங்குகின்றது. விளவங்கோட்டு வாக்காளர் முதலிரண்டனுள் அடங்குவர், மூன்றாவதனுள் அடங்கார்.

2024 ஏப்பிரல் 19ஆம் நாள் இது கண்கூடாயிற்று. மக்களவைத் தேர்தலில் ஆறு தொகுதியினரும் வாக்களித்தனர். விளவங்கோட்டின் சட்டமன்ற உறுப்பினர் விசயதரணி பொறுப்பு விலகியிருந்தமையால், அங்கு மட்டும் அதே நாளில் இடைத்தேர்தலும் நடந்தது. ஆகவே விளவங்கோட்டார்க்கு இரண்டு வாக்கு; ஏனை ஐந்து தொகுதியினர்க்கு ஒன்றே. 2021 ஏப்பிரல் 6ஆம் நாளிலோ, வசந்தகுமார் மறைவால் நேர்ந்த மக்களவை இடைத்தேர்தல் சட்டமன்றப் பொதுத்தேர்தலொடு சேர்ந்து வந்தமையின், ஆறு தொகுதியினர்க்கும் இரண்டிரண்டு வாக்கு இருந்தன.

இங்கே வாக்குச்சீட்டு உதவிக்கு வருகின்றது. பொறி வந்தபின் சீட்டு ஒழிந்தது என்பது பிழை. வேட்பாளர் பெயரும் சின்னமும் அச்சிட்ட தாள் பொறியின் முகத்தே பொருத்தப்பெற்றுள்ளது. மக்களவைக்கு வெண்ணிறம், சட்டமன்றத்திற்கு இளஞ்சிவப்பு. நிறம் நோக்கியபின் விரல் வைப்பவர் தடுமாறார். வீட்டிற்கு வரும் தகவல் சீட்டு வாக்குச்சீட்டு அன்று. வரிசை எண்ணும் சாவடியும் காட்டுவது மட்டுமே அதன் பணி.

வாக்குப்பதிவு விழுக்காடும் திரித்துணரப்படுகின்றது. அது மக்கள்தொகையில் இத்துணைப் பங்கு என்பதன்று. பட்டியலிற் பெயருள்ளாருள் எத்துணையர் வாக்களித்தனர் என்பதே. ஒரு சாவடிப் பட்டியலில் 1000 பெயர் உள எனக் கொள்க. அவருள் 120 பேர் வளைகுடா நாடுகளிலும் ஆழ்கடல் மீன்பிடிப்பிலும் உள்ளனர். ஊரிலிருக்கும் 880 பேருள் 660 பேர் வாக்களிப்பின், ஊரிலிருந்தாருள் 75 விழுக்காட்டினர் வந்தனர். கணக்கில் ஏறுவதோ 66 மட்டுமே. இது காணாது கடற்கரை ஊர்களை அக்கறையற்றவை எனப் பழித்தல் முறையன்று.

இறுதியாகத் தேர்தல் அறிக்கை. அறிவிப்பது அறிக்கை, ஆணையிடுவது சட்டம். அறிக்கைக்குச் சட்டத்தின் வலிமை இல்லை. வென்றவரிடம் அதனைக் காட்டிக் கேட்கும் கடமை வாக்காளரைச் சார்ந்தது. சொல்லின் பொருளறிந்தவரே அங்ஙனம் கேட்பர்.